பேனரில் திரும்பிப்போன முப்படி

வெள்ளவத்தையில் ஏ.எல். சோதனைக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிற டியூசன் சேர்மாருக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்லை எறிந்தால் ஒரு சேரின் பேனரில்தான் விழும். ஆனால் சவுந்தரநாயகம் சேரின் பேனர்தான் எல்லாவற்றிலும் பெரிது. பத்தடி உயரத்தில் மனிதர் கோட்டு சூட்டோடு நிற்பார். முகத்தில், உலகத்து வரைபுகள் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் வளைகின்றன என்கிற ஒரு பார்வை.

இந்த வருசம் அந்தப் பார்வைக்கு ஆபத்து வந்தது. பக்கத்து ஒழுங்கையில் ஸ்ரீனிவாஸ் என்று ஒரு இளம் சேர் வகுப்புத் தொடங்கி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டிருந்தார். சேர் வகுப்பு நடத்துகிற மண்டபத்தின் சொந்தக்காரர் குமரப்பன் வியாபாரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வருகிற ஞாயிறு சவுந்தரநாயகம் சேரின் இலவச வகுப்பில் நூற்றெண்பது கதிரையும் நிரம்பாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஸ்ரீனிவாசுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை போனால் டியூசன் சேருக்கு மிஞ்சுவது செவ்வாய் பின்னேரம். செவ்வாய் பின்னேரம் யார் வருவார்கள்? நுளம்புதான் வரும்.

ஆகவே புதுப் பேனர். சேர் ஒரு கையை நீட்டிக் காட்ட, பக்கத்தில் அச்சுகளும் ஒரு வளைகோடும். கீழே கொட்டை எழுத்தில் y = (x + 1)(x − 2)². அச்சில் எண்கள் இல்லை, சின்னச் சின்னக் கீறுகள் மட்டும். சேரே உட்கார்ந்து வரைந்தது. இடது பக்கம் கீழேயிருந்து ஏறி, −1இல் அச்சை வெட்டி, மேலே போய், திரும்பி இறங்கி, 2இல் அச்சைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறிப்போகிற கோடு. பிழை சொல்ல ஒரு மயிரிழை கிடையாது.

பேனரை அச்சடிக்க முதல்நாள் சேருக்கு ஒரு ஞானம் வந்தது. நீட்டிய விரல் பஸ் ஓடுகிற காலி வீதிப் பக்கம் காட்டுகிறது. வகுப்பு ஒழுங்கையோ மற்றப் பக்கம். வகுப்புக்கு வருகிற பிள்ளையைத் தன் விரலே பஸ் ஏற்றி அனுப்பிவிடும் என்று பயந்து, படத்தைத் திருப்பச் சொல்லி டிசைன் செய்கிற ஸியாமுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினார். ஸியாம் சொன்ன சொல் தட்டாதவன். மொத்தப் படத்தையும் இடம் வலமாகத் திருப்பினான். சேரின் கன்னத்து மச்சம் மற்றக் கன்னத்துக்குப் போனது, மணிக்கூடு வலக்கைக்கு மாறியது, வளைகோடும் கூடவே திரும்பியது. கண்ணாடியில் தெரிவதுபோல் ஆன எழுத்தை மட்டும் அழித்து, அதே சமன்பாட்டைத் திரும்பவும் நேராக அடித்தான். அவனுக்கு அது கோடு. எந்தப் பக்கம் போனால் என்ன?

வெள்ளி பின்னேரம் பேனர் ஏறியது. சனி காலை எல்லா வட்ஸ்அப் குறூப்பிலும் அதன் படம். ஸ்ரீனிவாஸிடம் படிக்கிற பிள்ளைகள் சிவப்பு வட்டம் போட்டு, சவுந்தரநாயகம் சேரின் 2 எப்போது இடப்பக்கம் குடிபோனது என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் என்ன பிழை? கோடு இடப்பக்கம் இரண்டாம் கீறில் தொட்டு, வலப்பக்கம் முதல் கீறில் வெட்டி, கீழே விழுந்துகொண்டிருந்தது.

சேர் முதலில் ஸியாமைத் திட்டினார். பிறகு விரலைத் திட்டினார். புதுப் பேனர் அடிக்கத் திங்களாகும் என்று அச்சகம் கைவிரித்தது. அப்போதுதான் அவருக்கு மூளை வேலைசெய்தது. கோட்டை மாற்ற முடியாவிட்டால் என்ன, சமன்பாட்டை மாற்றலாமே. சின்ன ஸ்டிக்கர் இன்றைக்கே கிடைக்கும். வெட்டுவது 1இல், ஆகவே (x − 1). தொடுவது −2இல், ஆகவே (x + 2), தொட்டுத் திரும்புவதால் அதற்கு வர்க்கம். y = (x − 1)(x + 2)². ஸியாமுக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாகப் பருப்பு வடையும் பிளேன்டீயும் எடுத்தார். இருபத்திரண்டு வருசமாகப் பிள்ளைகளின் வளைகோட்டு முனை போகிற பக்கம் பிழைத்தால் முழுக்கணக்குக்கும் முட்டை போடுகிற மனிதர், முனையைப் பார்க்காமல் வடையைப் பார்த்தார்.

ஞாயிறு காலை ஏழரை. வாசலில் பிள்ளைகள் கும்பல். வகுப்புக்கு வந்தது பாதி, கூத்துப் பார்க்க வந்தது பாதி. ஸ்ரீனிவாஸின் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி தனியே ஒரு வரிசை. ஏணியில் ஏறிய ஸியாம் ஸ்டிக்கரை ஒட்டித் தடவி முடிக்கவும், சேருக்கு விடைத்தாள் திருத்திக் கொடுக்கிற நிஷாந்தி வந்தாள். அட்டன் பக்கத்துப் பிள்ளை. களனிப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்தவள். கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

மேலே பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். சேரின் பக்கத்தில் வந்து, கும்பலுக்குக் கேட்காமல், "சேர், xக்கு சைபரைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

சேர் மனதுக்குள் போட்டார். −1 தர 2இன் வர்க்கம். −4. பேனரில் கோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு +4இல் y அச்சை வெட்டியது. சேர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வெட்டும் சரிதானே பிள்ளை?"

"வெட்டும் சரி, தொடுறதும் சரி. முனைதான் சேர் பிழை. உங்க ஸ்டிக்கரைப் பெருக்கினா முன்னுக்கு x³. அது வலப்பக்கம் மேலதான் போகணும். நம்ம கோடு வலப்பக்கம் கீழ போகுது."

மூலங்களை மட்டும் பார்த்தால் அதே மூலங்களுள்ள கோடுகள் ஆயிரம் இருக்கும், மேலும் கீழுமாக. முன்னுக்கு நிற்கிற குறிதான் எது நிமிர்ந்தது எது கவிழ்ந்தது என்று சொல்லும். இதையே மூன்று டியூட் புத்தகத்தில் அச்சடித்து விற்றவர் அவர்.

பேனரைக் கழற்றச் சொல்லலாம். கழற்றினால் அதையும் படம் எடுப்பார்கள். ஸியாமில் பழியைப் போடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தார். பையன் ஏணியிலிருந்து குனிந்து, "சேர் அனுப்பினத்தத் தானே நான் ஒட்டின" என்று முகம் சுருங்கிச் சொன்னபோது, அந்த வழியும் அடைபட்டது. கும்பலுக்குள் யாரோ சைபரைப் போட்டுவிட்டார்கள், சிரிப்புக் கிளம்பியது.

"நிஷாந்தி, மார்க்கர் இருக்கா?"

கறுப்பு மார்க்கரை வாங்கி, வேட்டிக்காரர் மாதிரிக் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்ணூறு கிலோ சவுந்தரநாயகம் ஏணியில் ஏறினார். ஏணி அழுதது. ஸியாம் கீழே இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். பத்தடிச் சேரின் முழங்காலடியில் அசல் சேர் தொங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நான் பிழை விட்டிட்டன். ஒருக்காலில்லை, ரெண்டு தரம். இப்ப எங்க என்ன போட்டாச் சரிவரும்? தெரிஞ்சவை சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றது. சேர்மார் பிழை விட்டதாக ஏணியிலிருந்தல்ல, தரையிலிருந்துகூடச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. ஸ்ரீனிவாஸின் வரிசையில் போன் பிடித்த ஒருத்திதான் சொன்னாள், "முன்னுக்கு ஒரு மைனஸ், சேர்."

சேர் அடைப்புக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தார், தடிப்பாக. y = −(x − 1)(x + 2)². சைபரைப் போட்டால் 4. இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. கோடும் சமன்பாடும் மூன்றுநாள் சண்டைக்குப் பிறகு சமாதானமானதுபோல் நின்றன.

எட்டு மணிக்குக் குமரப்பன் வந்து எண்ணிப் பார்த்தார். நூற்றெண்பதும் நிரம்பி, ஜன்னலோரம் பதினொரு பேர் நின்றார்கள். கணிதத்துக்கு வந்தார்களா ஏணிக்கு வந்தார்களா என்று அவர் கேட்கவில்லை. ஞாயிறு காலை உங்களுக்குத்தான் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

மைனஸ் சொன்ன பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த வர்க்கத்தை மூன்றாம் அடுக்காக்கினால் என்ன நடக்கும் என்று முதல் கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி, கொஞ்சம் விசமமும்தான். சேர் பலகையில் −2இல் கோட்டைத் தட்டையாகச் சாய்த்து, தொட்டுத் திரும்ப விடாமல் வெட்டிக் கடந்துபோக விட்டார். y அச்சில் 8இல் ஏற்றி, 1இல் மறுபடி வெட்டி இறக்கினார். இனி நான்காம்படி, முன்னுக்கு மைனஸ், ஆகவே இரண்டு முனையும் கீழே. முனைகளைக் கீற சோக்கைத் தூக்கியவர், கீறமுதல் கடைசி வரிசையைப் பார்த்தார். நிஷாந்தி இரண்டாவது ரோல்ஸை மென்றபடி தலையாட்டினாள்.

பிறகுதான் கீறினார்.