உக்கார்ற வேலை வேண்டாம்

நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள் ஒருவனுக்கு நாற்காலி வேலை கிடைத்தால் கோயிலில் தேங்காய் உடைப்பான். நான் அது வேண்டாமென்று சண்டை போட்டேன்.

என் பெயர் செங்குட்டுவன், வயது இருபத்தாறு, ஊர் வடக்குத்து. கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து, எந்த ரோலர் சுற்றாமல் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் நாலு வருஷமாக என் வேலை. ஷிப்ட் முழுக்க நடைதான். ரெண்டு வருஷமாக அடி இடுப்பில் பிடிப்பு. காலையில் எழுந்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும், முகம் கழுவக் குனிய முடியாது. ஒரு மணி நேரம் அங்கே இங்கே நடந்த பிறகுதான் பிடி விடும். பெல்ட் ஓரம் போய்விட்டால் வலி இருந்த இடம் தெரியாது.

அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"காலையில கெழவனாட்டம் வர்றான், மத்தியானம் கொமரனாட்டம் நடக்கறான். சினிமாவுல நடிக்கப் போயிருக்க வேண்டியவன்டா" என்பார் எங்கள் சூப்பர்வைசர் அய்யாசாமி. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

அம்மா புஷ்பவல்லிக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் அவரிடம் போய் அழுதிருக்கிறாள். "புள்ளைக்கு இடுப்பு போச்சுங்க. உக்காந்துகினு பாக்கற வேலையா குடுங்க." அவரும் மனமிரங்கி, பம்ப் ஹவுஸில் மீட்டர் பார்த்து எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார். பெர்மனென்ட் ஆளுக்கே கிடைக்காத சொகுசு என்று எல்லோரும் வயிறெரிந்தார்கள். எனக்கோ நரகம். அரை மணி உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே மாதத்தில், முன்பு ஒரு மணி நேரத்தில் விட்ட பிடிப்பு, விட மூன்று மணி நேரமானது. விடியும் முன்னே வலி எழுப்பிவிட்டது.

"பழைய வேலைய குடுங்க சார்" என்றேன்.

"உக்காரவே முடியாதவன் எப்டிடா நடப்ப? மாசக் கடைசியில, நீ சுரங்கத்துக்குள்ள வர்ற கேட் பாஸ் முடியுது. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிகினு வா. இல்லன்னா வூட்டோட இரு."

அரசு மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் பெஞ்சில் இருக்க, நான் மட்டும் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் ரெண்டு தடவை அதட்டினார். நான் உட்காரவில்லை. உள்ளேயிருந்து மூட்டு டாக்டர் எழில்மதி எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா நடந்துகிட்டே இருக்க?" என்றார்.

"நடந்தாதான் நல்லாருக்குங்க. உக்காந்தா வலிக்குது."

வரிசையை விட்டு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் என் முறை வந்தபோது அந்த ஒரு வார்த்தையில் இருந்தே ஆரம்பித்தார். எத்தனை நாளாக? தூக்கத்தில் எழுப்புகிறதா? பிட்டத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் வலிக்கிறதா? கண் சிவந்து வலித்ததுண்டா? போன வருஷம் சிவந்ததை 'மெட்ராஸ் ஐ' என்று விட்டுவிட்டேன் என்றேன். குனியச் சொல்லி முதுகில் டேப் வைத்து அளந்தார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார்.

ரெண்டு வாரம் கழித்து ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்: "முதுகெலும்பு இடுப்பெலும்போட சேர்ற மூட்டுல வீக்கம். இது ஒரு வகை வாதம். உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே தப்பா அந்த மூட்டத் தாக்குது. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. அசையாம இருந்தா இறுகும், நடந்தா எளகும். நீ நடிக்கலப்பா."

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, அடங்காவிட்டால் ஊசி என்றார். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். முழுக்கக் குணமாகாது, அடக்கி வைக்கலாம். 'நடக்கும் வேலை பார்க்கலாம். தொடர்ந்து உட்கார வைக்கக் கூடாது, அதிக பாரம் தூக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஷிப்டுக்கு ஆள் பிரிக்கும் நேரம், நாற்பது பேர் நிற்கையில் அதை நீட்டினேன். அய்யாசாமி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வியாதின்னு போட்டிருக்கே. வியாதிக்காரன எப்டி வெச்சிகினு இருக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு வருசமா வலிக்குதுன்னேன், நடிக்கறான்னீங்க. இப்ப டாக்டரே எழுதிட்டாங்க, வியாதிக்காரன்றீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். நடிக்கறேன்னா எனக்கு வியாதி இல்ல, வேலைய குடுங்க. வியாதின்னா, நடக்கற வேலை பாக்கலாம்னு அந்த டாக்டர்தான் எழுதியிருக்காங்க, அப்பவும் வேலைய குடுங்க."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அய்யாசாமி யாரென்று பார்க்கவில்லை. லிஸ்டை எடுத்து, என் பெயரை பம்ப் ஹவுஸில் அடித்து பெல்ட்டில் எழுதினார். கேட் பாஸ் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"எத்தினி நாளைக்குன்னு பாக்கறேன்" என்றார்.

"பாருங்க" என்றேன். "இந்த வியாதி என்ன விட்டுப் போகாதாம். நானும் எங்கயும் போறதா இல்ல."