சாமியாரின் ஸ்கிரீன்

எங்கள் டீமில் அவருக்குச் சாமியார் என்று பெயர் வைத்தது வால். அவனுக்கு வால் என்று பெயர் வைத்தது நான். நாள் முழுக்கச் சேட்டை செய்கிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? சாமியார் எங்களில் மூத்த புரோகிராமர். நான் டெஸ்டர், அதாவது அவர் எழுதுகிற கோடில் குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். அதனால் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி.

பெயருக்குக் காரணம் அவருடைய ஸ்கிரீன்தான். எங்கள் ஸ்கிரீன் ஒவ்வொன்றும் சந்தைக்கடை. இடது பக்கம் சைட்பாரில் ஃபைல் பட்டியல், கீழே கட்டளை அடிக்கிற டெர்மினல், வலது ஓரத்தில் கோடின் குட்டிப் படம், மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள். அவர் மட்டும் காலையில் உட்கார்ந்ததும் கன்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுவார், அடுத்து இஸட். அத்தனையும் மறைந்து, முழுத் திரையின் நடுவில் ஒரே ஒரு ஃபைல் நிற்கும். இரண்டு பக்கமும் வெறுமை. கோடு எழுதுகிற எடிட்டரில் இதற்கு ஜென் மோடு, அதாவது தியான நிலை, என்று பெயர். வேறு ஃபைல் வேண்டுமென்றால் அதன் பெயரைத் தட்டி வரவழைத்துக்கொள்வார். அவர் சைட்பாரைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஞானம் கிடைத்ததா சாமி என்று வால் தினமும் கேட்பான். அவர் சிரித்து வைப்பார். நடக்கும்போது குப்பைக்கூடையைத் தட்டிவிடுவார், கண்ணாடிக் கதவில் தோளை இடித்துக்கொள்வார். மனுஷனுக்கு நினைப்பெல்லாம் கோடிலேயே இருக்கிறது என்று நாங்களே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம். ஒருமுறை என் டீயைத் தட்டிக் கொட்டியபோது, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று நான் எரிந்து விழுந்தேன். மன்னிச்சுக்கம்மா என்று டிஷ்யூ தேடிப் போனார்.

அன்றைக்கு ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் பதிவில் சிக்கல். ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தவறு எந்த ஃபைலில் என்று சாமியார் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். திருத்த வேண்டியது நாலைந்து வரிதான். தலை வலிக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கிரீனைப் பூட்டாமல் எழுந்து போனார்.

வாலுக்கு அது போதாதா? ஓடி வந்து உட்கார்ந்து எஸ்கேப்பை இரண்டு முறை தட்டினான். ஜென் மோடு கலைந்து, மறைந்திருந்ததெல்லாம் திரும்பி வந்தது. அதோடு விட்டானா? திரையை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் அவருடைய ஃபைலும் வலது பக்கம் அதே ஃபைலின் பழைய நகலுமாகத் திறந்து வைத்தான். கர்சரை வலது பக்கத்தில் விட்டுவிட்டு எழுந்தான். சாமியார் கோபப்பட்டு நாங்கள் யாருமே பார்த்ததில்லை, அதைப் பார்க்கத்தான் இந்த ஆசை.

அவர் வந்து உட்கார்ந்தார். ஒரு நொடி தயங்கினார். பிறகு வழக்கமான தட்டு. சைட்பாரும் டெர்மினலும் போயின. ஆனால் ஜென் மோடு பிரித்து வைத்த ஃபைல்களை ஒன்றாக்காது. இரண்டும் திரையின் முழு அகலத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் விரிந்து நின்றன. அவர் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே டைப் அடிக்க ஆரம்பித்தார்.

எழுத்துகள் வலது பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தன.

வால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சாமியார் நிறுத்தினார், மறுபடி அடித்தார். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கிச் செருகி, மறுபடி அடித்தார். வலது பக்கத்தில் அதே வரி திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே போனது. ஒரு முழம் தள்ளி நடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வாலின் விளையாட்டுக்கு அவரும் பதில் விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன்.

திருத்தம் எங்கே என்று கேட்க மேனேஜர் வந்து பின்னால் நின்றதை வாலும் கவனிக்கவில்லை.

"கீபோர்டு வேலை செய்யல சார்" என்றார் சாமியார்.

"வலது பக்கம் எழுதிட்டுத்தானே இருக்கீங்க?"

"எங்க?"

தலையோடு தோளையும் சேர்த்துத் திருப்பி, திரையில் துழாவிக்கொண்டே வந்து அந்த வரிகளில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வால் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

மாடிப்படியில் சுவரைப் பிடித்தபடி நின்று அவர் எனக்குச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகிற வியாதியாம். பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது, மருந்து வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வீட்டில் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். திரை நெரிசலாக இருந்தால் எது எங்கே என்று தேடியே மூச்சு முட்டுகிறது, நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் இன்னும் யாருக்கும் சளைக்காமல் எழுத முடிகிறது. இத்தனை நாள் தவம் என்று நாங்கள் கிண்டல் செய்தது இதைத்தான்.

"நடுவுல மிச்சம் இருக்கும்மா. அது போற வரைக்கும் கோடு எழுத விட்டாப் போதும்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊர்க்குறையெல்லாம் கண்டுபிடிக்கிறேன், பக்கத்து நாற்காலியில் ஒரு மனுஷன் குருடாகிக்கொண்டிருப்பது தெரியவில்லை.

மேனேஜர் அவரைத் தனியறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றாராம். ஆபீஸ் குடும்பம் என்று சொன்னால் வேறு வேலை தேடத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் அனுபவம். நான் நினைத்தது சரிதான். பஸ் கம்பெனி வேலை முடியும்வரை அவர் எழுதலாம், அதற்குப் பிறகு கோடு வேண்டாம், வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலை. அதுவரை கஷ்டப்பட வேண்டாம் என்று பெரிய மனது பண்ணி ஒரு புது மானிட்டரும் வாங்கிக் கொடுத்தார்கள். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகலம். அகலம் தெரியாமல் தவிக்கிறவருக்கு அகலம்! நான் மேனேஜரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம் என்று அவர் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கத்தவும் முடியவில்லை. சாமியாரோ, பழையதே போதும் என்று கேட்டால் அதையும் ஒரு குறையாக எழுதிக்கொள்வார்களோ என்று பயந்தார்.

புது மானிட்டரிலும் ஜென் மோடு போட்டார். ஃபைல் நடுவில்தான் வந்தது, ஆனால் திரைக்கு ஏற்ற மாதிரி அகலமாக. அதன் ஓரத்தை மௌஸால் பிடித்து இழுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே உள்ளே வரும். வழக்கமாக அவரே செய்துகொள்வார். இந்தத் திரையில் மௌஸின் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் துழாவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். போதுமா அண்ணா என்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். இழுத்தேன். வரிகள் மடிந்து மடிந்து கீழே இறங்கின. இன்னும் என்றார். இதற்கு மேல் எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஒரு வரிக்கு மூன்று நான்கு வார்த்தைதான் நின்றது. அப்போதுதான் போதும்மா, முழுசும் தெரிகிறது என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது.

எவ்வளவுதான் மிச்சம் என்று பார்க்க, என்னையறியாமல் உள்ளங்கையை அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அந்த ஒடுங்கிய பத்தியின்மேல் வைத்தேன். அதன் அகலம் கைக்குள் அடங்கிவிட்டது.

"கரண்ட் போயிடுச்சாம்மா?" என்றார்.