காலாவதியான கார்டு

"உன் ஆபீஸ்லேருந்து எனக்கே நோட்டீஸா, அக்கா? கார்டு இந்த மாசத்தோட காலாவதியாம். நாளைக்கு மாத்துறேன், உயிரை வாங்காதே" என்று போனில் சிரித்தான் தம்பி. அடுப்பில் பால் பொங்கியது. அக்கா போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள். மறுநாள் சாயங்காலம் லாரி மோதி அவன் போய்விட்டான்.

இருபது நாள் கழித்து வேலைக்கு வந்தவள் முதலில் திறந்தது, கார்டில் பணம் வராதவர்களின் பட்டியலை. மாதாமாதம் நன்கொடை தருகிறவர்களை நழுவவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த அறக்கட்டளையில் அவள் வேலை. பணம் வராவிட்டால் கணினி சில நாள் விட்டு விட்டு மறுபடி முயலும். ஒவ்வொரு முறையும் 'கார்டைப் புதுப்பியுங்கள்' என்று செய்தி போகும். தம்பியும் அப்படி மாதாமாதம் தந்தவன். அவன் போன் இப்போது அவன் மனைவியிடம். அந்தச் செய்தி அவள் கண்ணில் படக்கூடாது.

பட்டியலில் தம்பி இல்லை. ஐந்தாம் தேதி பணம் வந்திருந்தது. நிலை: தொடர்கிறார்.

காலாவதியான கார்டில் பணம் எப்படி வரும்? தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

"எங்ககிட்ட இருக்கிற அவன் கார்டு விவரத்தை யாராவது மாத்தினீங்களா?"

"நான் எதையும் தொடலை அண்ணி. பேங்க் கவர் ஒண்ணு வந்து கிடக்கு. பிரிக்க மனசு வரலை."

அப்படியானால் மேலாளர்தான். 'சதவீதம்' என்று பட்டப்பெயர். எத்தனை பேர் தொடர்கிறார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதே அவர் மூச்சு. அவருடைய சம்பள உயர்வும் அதில்தான் தொங்கியது. பதிவுகளைத் திருத்தும் உரிமையும் அவரிடமே. பாலுக்குப் பூனை காவல்!

நேரே போய் நின்றாள். "உங்க சதவீதத்துக்காக என் தம்பியை உயிரோட வச்சிருக்கீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தம்பியா? நம்மகிட்ட தர்றவர்னு எனக்குத் தெரியாதும்மா." திரையைத் திருப்பினார். கார்டு விவரம் மாறியது முதல் தேதி. மாற்றியவர்: தானியங்கி.

"நீங்க லீவுல இருந்தப்ப சேர்த்த வசதி. பேங்க் புதுக் கார்டு கொடுத்தா, புதுத் தேதி நமக்குத் தானா வந்துடும். அவர் இல்லைன்னு பேங்குக்கு யாரும் சொல்லலை போல."

அவள் நம்பவில்லை. காலாவதியாகியும் பணம் வந்த பத்துப் பேரைத் திறந்து பார்த்தாள். பத்திலும் அதே தானியங்கி. பிரிக்கப்படாத அந்தக் கவர் ஞாபகம் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"விடுங்கம்மா. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிடறேன். அவர் வீட்ல பேங்குக்கும் தகவல் சொல்லச் சொல்லுங்க."

தம்பியின் நன்கொடையை நிறுத்தும் கட்டத்தில் காரணம் கேட்டது. 'விருப்பமில்லை' என்று போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப அழைப்பார்கள். 'மறைவு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

கணக்குத் தணிக்கைக்காக, நிறுத்திய பிறகும் பதிவை அழிப்பதில்லை. அதன் அடியில், அவள் என்றோ விளையாட்டாக எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: 'காலை பத்துக்கு முன் அழைக்க வேண்டாம். தூங்குவான்.'