எல்லோரும் விழித்திருக்கும் நேரம்

மெக்சிகோவிலிருந்து வந்த மின்னஞ்சலை ஷஹனாஸ் இரண்டு முறை படித்தாள். எழுதியவள் பெயர் ஆல்மா. அங்குள்ள தொழிற்சாலையின் வினாடி வினா அணியில் ஆடுகிறவள். இதுவரை நடந்த இரண்டு சுற்றுகளும் தனக்குக் காலை ஏழரைக்குத் தொடங்கியதால், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகவும், அந்த வீட்டுக்காரி இனிமேல் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாள். பள்ளி திறப்பது எட்டு மணிக்கு. இறுதிச் சுற்றை ஒன்பதுக்கு வைக்க முடியுமா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் அந்த ஜெர்மன் கம்பெனியில் ஷஹனாஸுக்குப் பயிற்சிப் பிரிவில் வேலை. நான்கு நாட்டுத் தொழிற்சாலைகள் கம்ப்யூட்டர் வழியே மோதும், தயாரிப்புத் தரம் பற்றிய வினாடி வினாவுக்கு நேரம் குறிக்கும் பொறுப்பை அந்த வருடம், 2007இல், அவளிடம் கொடுத்திருந்தார்கள். மெக்சிகோவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இந்தியா இருப்பதால் இங்கிருந்து பார்ப்பது சுலபம் என்று தலைமை அலுவலகம் நினைத்தது.

நான்கு அணிகளும் ஒரே நிமிடத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் முன்னால் ஆடினால் கேள்விகள் மற்றவருக்குப் போய்விடும். அதோடு, எந்த ஊரிலும் காலை ஏழுக்கு முன்போ இரவு பத்துக்குப் பின்போ தொடங்கக் கூடாது என்று அவளே ஒரு விதி எழுதியிருந்தாள். இரண்டும் பொருந்துகிற நேரம் ஒரு நாளில் கொஞ்சம்தான்.

ஆல்மா கேட்ட ஒன்பது மணியை வைத்துப் பார்த்தாள். ஜெர்மனியில் மாலை நாலு. இந்தியாவில் ஏழரை. மலேசியாவில் இரவு பத்து. விதிக்குள் அடங்கியது. மூன்று கடல்களுக்கு அப்பால் ஒரு சின்னப் பெண் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது. அப்படி வருவது அபூர்வம். மாற்றி எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். மாலைக்குள் நான்கு அணித் தலைவர்களும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இங்குள்ள அணிக்குத் தலைவர் வரதன். அவரும் சரி என்றுதான் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை ஜெனிபர் வந்து மேஜை அருகே நின்றாள். மீஞ்சூர்க்காரி, டிப்ளமா முடித்துத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சி ஊழியராக இருப்பவள். வரதன், ஜோஷ்வா, ஜெனிபர் மூவரும்தான் அணி.

"அக்கா, ஏழரைன்னு போட்டுக்கிறியே, எனக்கு வேற ஏதாச்சும் வழி வச்சிருக்கியா?"

"எதுக்கு?"

ஜெனிபர் அவளையே பார்த்தாள். விளையாடுகிறாளா என்று தேடுகிற பார்வை. "ஏழு மணிக்கு மேல லேடீஸ் ஃபாக்டரி உள்ள இருக்கக் கூடாதுன்னு சட்டம்ல. ஆறே முக்கால் வேன்ல ஏத்தி அனுப்பிடறானுங்களே. நீயும் அதுலதான வர்ற?"

 நான்கு வருடமாக ஷஹனாஸும் அந்த வேனில்தான் போகிறாள். மழை மாதிரி, வெயில் மாதிரி அது ஒரு நாளும் கணக்கில் சேராத விஷயமாகிவிட்டது. இந்தியாவுக்கு ஏழரை என்று எழுதியபோது, சாவகாசமாக உட்கார்ந்து விளையாடிவிட்டு ஒன்பதுக்குச் சாப்பிடப் போகிற ஒருவரைத்தான் அவள் மனம் கண்டது. அது ஒரு ஆண். அந்த மேஜையில் அவளும் இல்லை.

இறுதிச் சுற்றில் ஆடுகிற பயிற்சி ஊழியர்களை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஜெனிபரின் பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. 

ஜெனிபரை அன்று ஒரு நாள் ஏழு மணிக்கு மேல் இருக்க விட வேண்டும் என்று ஷஹனாஸ் போய்ச் சொன்னதைப் பணியாளர் அதிகாரி பரசுராமன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ராத்திரில பொண்ணுங்க வேலை செய்யலாம்னு கோர்ட்டு விட்டுக்குதும்மா, இல்லேங்கல. ஆனா சும்மாவா? பொண்ணுங்க கும்பலா இருக்கணும், வண்டி வேணும், காவல் வேணும். ஒரு பொண்ணுக்காக இதெல்லாம் யார் பண்றது? நம்ம கம்பெனில இதுவரிக்கும் பண்ணதில்ல."

"ஒரு நாள்தான் சார். நானும் கூட இருக்கேன்."

"அப்ப ரெண்டு பொண்ணுங்களுக்கு நான் பதில் சொல்லணும். மாத்து ஆள் போட விதி இருக்குதில்ல? இன்னொரு ட்ரெயினி ஆதிகேசவன் இருக்கான்ல, அவனைப் போடு."

"அப்ப இறுதிச் சுற்றில ஆடினது ஆதிகேசவன்னு ஆகிடுமே சார்."

"ஆடினவன்தான ஆடினவன்?" என்றார் பரசுராமன். அதில் கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெளியே ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து ஆடவும் முடியாது. கம்பெனிக் கம்ப்யூட்டரில், மூவரும் ஒரே அறையில், பார்வையாளர் முன்னால் என்பது தலைமை அலுவலக விதி.

ஷஹனாஸ் நேரத்தை மறுபடி திருப்பிப் பார்த்தாள். பழையபடி ஆறு மணிக்கு வைத்தால் ஆல்மாவுக்கு ஏழரை. காலை எட்டுக்கு வைத்தால்? மெக்சிகோவில் முந்தின நாள் இரவு ஒன்பதரை, மலேசியாவில் காலை பத்தரை. பெண்கள் இருவருக்கும் ஒத்துவரும். ஜெர்மனியில் மட்டும் விடிகாலை நாலரை. அவள் எழுதிய விதியை ஒரு முறை, ஒரு ஊருக்காக மீற வேண்டும்.

பரசுராமன் சிரித்துவிட்டார். "ஜெர்மன்காரனை நாலரைக்கு எழுப்புவியா? டைரக்டருங்க எல்லாம் குந்திக்கினு பார்க்கப் போறானுங்க. பேஜாரு பண்ணாத."

அனுப்பினாள். ஜெர்மனியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த நேரம் நியாயமான நேரம் அல்ல, நீங்களே எழுதிய விதியைப் பார்க்கவும்.

பிறகு ஆல்மாவுக்கு எழுதினாள். ஆறு மணிக்கே திரும்ப முடியுமா, இங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று. ஆல்மா கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். மாற்றினால் நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் முடிவு செய்யுங்கள்."

அந்தக் கடைசி வரி இரண்டு நாள் அவளோடு சாப்பிட்டது, தூங்கியது. மாற்றினால், தன் தொழிற்சாலைக்காரிக்காக மாற்றினாள் என்பார்கள். அதைக் கூடத் தாங்கலாம். ஆனால் கொடுத்ததைப் பிடுங்கும்போது ஆல்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். ஜெனிபரின் முகம் தெரிந்த முகம். தெரிந்த முகத்தைவிடத் தெரியாத முகத்துக்குத்தான் அவள் பயந்தாள். இதை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஜெனிபர் மன்னித்துவிடுவாள் என்ற தைரியம்தான் அடியில் கிடந்தது. நேரத்தை அப்படியே விட்டாள்.

இறுதிச் சுற்று நடந்த வியாழக்கிழமை, ஆறே முக்கால் வேனுக்கு இருவரும் கிளம்பினார்கள். பயிற்சி அறையில் ஜோஷ்வா வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஆதிகேசவன் புதுச் சட்டையில் வந்திருந்தான். ஜெனிபர் போகிற போக்கில் அவனிடம், "உருக்குக் கேள்வி வந்தா அவசரப்படாத. ரெண்டு முறை படி," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேன் ஸ்டேஷனில் இறக்கிவிட, இருவரும் ரயில் ஏறினார்கள். கூட்டம் இல்லை. கவரப்பேட்டை தாண்டும்போது ஏழரை. ஜெனிபர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஷஹனாஸ் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"ஆரமிச்சிருப்பாங்க," என்றாள் ஜெனிபர்.

"ஜெனி, நான்..."

"அந்தம்மாவுக்குப் பொண்ணுன்னியே. எத்தினி வயசு?"

"ஆறு."

"பள்ளிக்கூடத்துல கொண்டு வுட்டிருப்பா இந்நேரம்."

"ம்."

"நல்லதுதான்," என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல்: "அக்கா, உனக்கு நான் சொல்லித்தான் தெரிஞ்சுதுல்ல. அத்த நெனச்சாதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. மெக்சிகோக்காரி ஊடு வரிக்கும் யோசிச்சிருக்க. நம்ம வேனை யோசிக்கல."

ஷஹனாஸ் இறங்குவதற்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டால் ஜெனிபர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று கேட்காமல் விட்டாள்.

பொன்னேரி வந்தது. ஷஹனாஸ் இறங்க வேண்டிய இடம். நடைமேடையில் இறங்கி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். ஜெனிபர், ஷஹனாஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நகர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பியபோதும் திரும்பவில்லை.