தோள் வலிக்கும் என்று எழுதிய விளம்பரம்

கனத்த திரைச்சீலையைத் தைத்த கையோடு கீழ் ஓரத்தை மடிக்கக் கூடாது. ஒரு நாளாவது தொங்கவிட வேண்டும். துணி தன் பாரத்தில் மெல்ல இறங்கி, இனி இறங்காது என்று நின்ற பிறகுதான் ஓரம் தைப்பது. அந்தக் காத்திருப்பு வேளைகளில், தன் தையல் கடையின் பின்னறையில் தொங்கும் நீலத் துணிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பாள். காற்றடித்தால் அறையே மூச்சு விடுவது போலிருக்கும்.

இப்போது வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தைக்க ஆள் கிடைக்காவிட்டால், தன் அறைகளுக்கெல்லாம் திரைச்சீலை கேட்டிருந்த விடுதிக்காரரின் ஆர்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதை விட்டால் இந்த வருஷத்தில் வேறு பெரிய வேலை இல்லை.

கணவர் ஏற்கெனவே ஒரு விளம்பரம் போட்டிருந்தார். "குடும்பம் போன்ற சூழல். எல்லாம் தெரிந்த, சுறுசுறுப்பான ஆள் தேவை. தகுந்த சம்பளம்." போன் ஓயவில்லை. கார் ஓட்டுபவர் கேட்டார், கணக்கு எழுதுபவர் கேட்டார். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவள் இடது கையால் போனில் வேறொரு விளம்பரத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தையல் வேலை. நேர்த்தையல் சுத்தமாக வர வேண்டும். திரைச்சீலை வேலையை நாங்கள் கற்றுத் தருகிறோம். வேலை நேரம், விடுமுறை நாள், சம்பளத் தொகை. வேலை செய்து காட்டும் முதல் நாளுக்கும் கூலி உண்டு. ஏணி ஏற வேண்டும். துணி கனக்கும், தோள் வலிக்கும். பேச்சுத் துணை குறைவு. தைத்ததைத் தொங்கவிட்டுக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

கணவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "வீட்டை வாடகைக்கு விடறவன் ஒழுகும்னு போர்டு மாட்டுவானா?"

"மாட்டாம விட்டா, வந்தவங்க முதல் மழையோட ஓடிடுவாங்க."

வந்தவை மூன்றே அழைப்புகள். மூவரும் தையல்காரர்கள். ஒருவரால் அடுத்த மாதம்தான் வர முடியும். ஒருவருக்கு ஏணி என்றால் தலை சுற்றும். அவரே சொல்லி விலகிக்கொண்டார். மூன்றாமவள் கூடாரத் துணி தைத்துப் பழகியவள். வேலை செய்து காட்ட வந்தாள், சொல்லிக்கொடுத்தபடி கொசுவம் பிடித்துத் தைத்தாள், ஏணியேறி மாட்டினாள். பிறகு கீழே உட்கார்ந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கணவர் எட்டிப் பார்த்தார். "விடுதிக்காரர் நச்சரிக்கிறாரும்மா. ஓரத்தையும் இன்னைக்கே முடிச்சிரேன்."

பின்னறை வாசலில் நின்ற மனைவி, வந்தவள் ஊசியை எடுக்கிறாளா என்று பார்த்தாள்.

"காத்திருக்கணும்னு போட்டிருந்தீங்களே அண்ணா," என்றாள் வந்தவள். "அதப் படிச்சுட்டுதான் வந்தேன். முன்னாடி இருந்த எடத்துல எப்பவும் அவசரம்தான்."

"தோள் வலிக்கும்னும்தான் போட்டிருந்துச்சு," என்றார் அவர்.

"வலிக்குதுதான். பொய் சொல்லலியே நீங்க."

கணவர் மனைவியைப் பார்த்தார். விடுதிக்காரரிடம் நாளைக்கு என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் தன் முக்காலியை இழுத்துப் போட்டு வந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலத் துணி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பல மாதமாக வலிக்குப் பயந்து தூக்கியே வைத்திருந்த அவள் தோளும் எப்போதோ இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு," என்றாள்.

"சரிக்கா."