பத்து மடங்கு வேகம்

கமலக்கண்ணனின் முதல் அறை புரோகிராமர் ஆமிரின் வாயில் விழுந்தது. "அண்ணே, உங்க போன்ல..." என்பதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அடுத்து மேஜையிலிருந்த கீபோர்டைத் தூக்கி அவன் தோளில் இறக்கினார். அதன் பட்டன்கள் தெறித்து ஓடின. ஓசூர் பாகலூர் ரோட்டு மாடியில் நாலு பேர் வேலை செய்யும் கேம் கம்பெனி அது. முதலாளி கை நீட்டுவார் என்று பொற்கொடி நினைத்ததே இல்லை.

விளையாட்டு படுத்துப்போன தப்பில் அவளுக்கும் பங்கு உண்டு. லேத் பட்டறை நடத்தும் அந்த விளையாட்டில், போனை மூடினாலும் மெஷின்கள் ஓடிக் காசு சேரும். லெவலுக்கு லெவல் மெஷின் விலை 1.15 மடங்கு ஏறும்படி அவள்தான் வைத்திருந்தாள். இருபத்தைந்து லெவல் ஏறினால் விலை முப்பத்துமூன்று மடங்காகும். வருமானம் லெவலுக்கு ஒரே அளவில் கூடிக்கொண்டே வந்து, இருபத்தைந்தாவது லெவலில் மட்டும் ஒரேயடியாக இரட்டிப்பாகும். ஷிப்டுக்குப் போகிறவன் டீ நேரத்தில் திறந்தால் ஒரு மெஷினாவது வாங்கலாம்.

"ரொம்ப ஈஸியா இருக்கும்மா, 1.30 போடு" என்றார் கமலக்கண்ணன். இருபத்தைந்து லெவலில் எழுநூறு மடங்காகிவிடும் என்று தெரிந்தும், பயந்துகொண்டு போட்டுவிட்டாள். மெஷின் வாங்கவே முடியாமல், ஆடியவர்களில் பாதிப்பேர் மூன்றே நாளில் விளையாட்டை அழித்துவிட்டார்கள்.

"என் போன்ல ஜம்முனு ஓடுது. ஊருக்கு மட்டும் எப்படிடா நிக்கும்? என்னத்தக் கலந்து வச்ச? எவன்கிட்ட வெல போன?"

கமலக்கண்ணன் ஆமிரின் சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதினார். மண்டை இடித்த சத்தத்தில் பொற்கொடி எழுந்துவிட்டாள். மறுபடி இழுத்தார். இன்னொரு மோதலுக்குப் பையன் தாங்கமாட்டான். கையில் கிடைத்த ஸ்டூலால் அவர் முழங்கையில் ஓங்கி அடித்தாள். அவர் அலறிக்கொண்டு பிடியை விட்டார்.

"உங்க போனைக் குடுங்கண்ணா" என்றாள். ஸ்டூலை இன்னும் இறக்கவில்லை.

வாங்கிய போனைத் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் புதிதாக ஆரம்பித்து, ஒரே ஒரு மெஷின் வாங்கினாள். விலை இரண்டிலும் ஒன்றுதான், அது சர்வரிலிருந்து வருவது. ஒரு நிமிடம் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் போனில் அறுபது காசு. அவருடையதில் அறுநூறு.

"உங்க போன்ல இருக்கறது டெஸ்ட் பண்றதுக்குப் போட்டதுண்ணா. கடிகாரம் பத்து மடங்கு வேகமா ஓடும். பத்து மணி நேர ஆட்டத்த ஒரு மணி நேரத்துல பாக்கறதுக்கு. போன மாசம் ஆமிர்தான் உங்களுக்குப் போட்டுக் குடுத்தான். அதுல ஆடிப் பாத்துட்டுத்தான் ஈஸின்னு சொல்லிருக்கீங்க."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கமலக்கண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

ஆமிர் ரத்தத்தோடு ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பினான்.

"சொல்லத்தாண்ணே வாயத் தொறந்தேன்."