எண்ணில் ஒன்று, எழுத்தில் ஒன்று

அந்த அலுவலகத்தில் மொத்தம் நான்கு பேர். அவர்களில் ஒருவர் தன்னைச் சேர்மன் என்று அழைத்துக்கொண்டதால், மீதி மூன்று பேரும் எதற்கோ உறுப்பினர்கள் ஆனார்கள். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கக் காகிதங்கள் தயாரித்துக் கொடுப்பது தொழில். சேர்மனின் நாற்காலிக்குப் பின்னால் ‘உண்மையே எங்கள் முகவரி’ என்று பித்தளை எழுத்துகள் பதித்திருந்தார்கள். ‘வ’வின் வால் கழன்று விழுந்து ஒரு வருடம் ஆகிறது.

உள்ளறையில் மொழிபெயர்ப்பாளர். எல்லோருக்கும் அவள் சீனக்கா. சீன இன்வாய்ஸ்களை ஆங்கிலத்துக்கும், இங்கிருந்து போகும் ஆர்டர்களைச் சீனத்துக்கும் மாற்றுவது வேலை. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். சொந்தபந்தம் இல்லாமல் இல்லை. தம்பி பெண்டாட்டி அவ்வப்போது போன் செய்வாள்: “அண்ணி, வாஷிங் மெஷின்ல சிவப்பு லைட்டு எரியுது, பக்கத்துல என்னமோ சீனத்துல எழுதியிருக்கு. படம் அனுப்புறேன், என்னன்னு சொல்லுங்க.” சொல்வாள். லைட் அணையும், போனும் அணையும்.

சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். கதவுக் கீல் செய்கிற சீனத் தொழிற்சாலையில் இன்வாய்ஸ் தயாரிக்கும் பெண். ஐந்து வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை; அவள் ‘அக்கா’ என்பாள், இவள் ‘தங்கச்சி’ என்பாள். மதியமானால் செய்தி வந்துவிடும். ‘அக்கா, சாப்பிட்டாச்சா?’ அது அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான் என்று சீனக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், அது வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

அன்று வந்த கீல் இன்வாய்ஸை வழக்கம்போலக் கீழிருந்து பார்த்தாள். மொத்தத் தொகை எண்ணில் 18,460 டாலர். அதற்கடியில், யாரும் திருத்த முடியாதபடி கோடுகள் நிறைந்த பெரிய சீன எழுத்துகளில், பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மேலே உள்ள மூன்று வரிகளைக் கூட்டினாள். 18,640. எழுத்து சரி. எண்ணில் நாலும் ஆறும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

தங்கச்சிக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது.

‘ஐயோ அக்கா! நான்தான் தட்டினேன். இந்த மாசம் இது ரெண்டாவது. இன்னொரு தப்பு வந்தா பேக்கிங் பிரிவுக்குப் போயிடுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.’

‘புது இன்வாய்ஸ் போட்டு அனுப்பேன்.’

‘முத்திரை அவர் மேஜையில இருக்கு. அவருக்குத் தெரியாம முடியாது. அக்கா, சரியான தொகைதானே, நீங்க இங்கிலீஷ்ல சரியா போட்டுடுங்களேன். அங்க சீனம் படிக்கிறது நீங்க மட்டும்தானே?’

அதுதான் விஷயம். அந்தக் கோடுகள் நிறைந்த எழுத்துகளை அந்தக் கட்டிடத்தில் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். படிக்கத் தெரிந்தவர் வேறு யாராவது அருகில் இருந்திருந்தால் அவளுக்கு இந்தச் சங்கடமே இருந்திருக்காது.

சேர்மன் உள்ளே வந்தார். பின்னாலேயே கணக்கர், கையில் டீயோடு.

“என்ன சீனக்கா, கீல் பேப்பர் ரெடியா? நாளைக்குள்ள எடுக்கலைன்னா கண்டெய்னருக்கு வாடகை ஏறும்.”

காட்டினாள். சேர்மன் கண்ணாடியைப் போட்டு, ஒன்றும் புரியாத சீனத்தைக் கண்ணியமாகப் பார்த்தார்.

“எது சரின்னு உனக்குத் தெரியுதுல்ல?”

“தெரியுது சார்.”

“அப்ப சரியானதைப் போடு. பொய்யா எழுதச் சொல்றேன்? உண்மையை எழுதச் சொல்றேன்!”

“மூலத்துல இருக்கிற தொகையைத்தான் சார் நான் எழுதணும். சரியான தொகையை இல்ல. ரெண்டையும் இருக்கிறபடியே போட்டு, மூலத்தில் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகலைன்னு குறிப்பு எழுதுறேன். திருத்த வேண்டியது விக்கிறவங்க.”

“போன மாசமும் இப்படித்தான். சரக்கோட சுங்கக் கோடு நம்பர் பத்து இலக்கம் நீளமா இருக்கே, நம்ம கோடு மாதிரி எட்டா வெட்டுன்னேன். கேட்டியா?”

“முதல் ஆறுதான் சார் எல்லா நாட்டுக்கும் பொது. மிச்சம் அவங்கவங்க நாட்டுது. அவங்க கோடை நான் எப்படி வெட்டுறது? நம்ம கோடு நம்ம படிவத்துலதான் வரும்.”

“பிடிவாதம்” என்று சேர்மன் கணக்கரிடம் சொன்னார். கணக்கர் டீயை ஆமோதித்தார்.

“சரி, அப்ப நீங்களே போட்டுக் கையெழுத்து வெச்சிடுங்க சார்” என்றாள்.

“வெச்சா போச்சு. பேனா கொடு.”

மொழிபெயர்ப்போடு இணைக்கும் சான்றிதழை எடுத்து வைத்தாள். பொன் நிறக் கரை போட்ட அந்தத் தாள் சேர்மனின் சொந்தப் படைப்பு. விசிட்டிங் கார்டு அடித்தவரிடமே அடித்தது. ‘மூலத்தின் ஒரு தொகையோ, ஒரு குறியீடோ, ஒரு புள்ளியோகூட மாற்றப்படவில்லை என்று என் சொந்தப் பொறுப்பில் உறுதி கூறுகிறேன்.’ இத்தனை காலமாக அதில் கையெழுத்திட்டவள் அவள். எழுதியவர் அதைப் படித்துப் பார்த்தது அன்றுதான் போலிருக்கிறது. ‘சொந்தப் பொறுப்பில்’ என்ற இடத்தில் பேனா நின்றது. அவளுடைய பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“நிர்வாகம் வேற, மொழிபெயர்ப்பு வேற. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடக் கூடாது. அதான் நம்ம கொள்கை. என்னய்யா?”

“ஆமா சார், நீங்க அடிக்கடி சொல்றதுதானே” என்றார் கணக்கர்.

இருவரும் போனார்கள். அவர்கள் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அறையில் அவளும் நாலும் ஆறும் மிஞ்சினார்கள்.

இரண்டு இலக்கத்தை இடம் மாற்ற ஒரு விரல் போதும். சுங்கத்தில் சீன மூலத்தை எடுத்து யாரும் ஒப்பிடமாட்டார்கள். கூட்டிப் பார்த்தாலும் சரியாக வரும். தங்கச்சி மேஜையிலேயே இருப்பாள், நாளை மதியம் செய்தி வரும். இன்று மாற்றினால் உண்மைதான் வரும். நாளைக்கு இன்னொருவர் இன்னொரு தொகையைக் காட்டி, அன்றைக்கு மாற்றினாயே என்பார். அதுகூடப் பெரிதில்லை. தான் கையெழுத்துப் போடும் தாளில் இருப்பது மூலத்தில் இருப்பதுதான் என்பதைத் தவிர அவளிடம் வேறு சொத்து கிடையாது.

எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் தட்டினாள். அடியில் குறிப்பு. கையெழுத்துக்குக் கணக்கரிடம் பேனா கடன் வாங்கினாள்.

தங்கச்சிக்கு எழுதினாள்: ‘இருக்கிறபடியேதான் போட்டேன். மன்னிச்சுக்கோ.’

வெகுநேரம் கழித்து ஒரு சொல் வந்தது. ‘புரியுது.’ கூடவே வரும் ‘அக்கா’ இல்லை.

சுங்க அதிகாரி அலட்டிக்கொள்ளவில்லை. ‘திருத்திய இன்வாய்ஸ் தேவை’ என்று எழுதித் திருப்பினார். மறுநாளே முத்திரையோடு வந்தது. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போயின. தயாரித்தவர் என்ற இடத்தில் புதுப் பெயர். கூடவே ஒரு செய்தி: ‘மரியாதைக்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு, இணைப்பைக் காண்க.’ கண்டெய்னர் வெளியே வந்தது. தங்கள் அலுவலகத்தின் நேர்மையைப் பற்றிச் சேர்மன் வாடிக்கையாளரிடம் போனில் நெடுநேரம் பேசினார்.

மதியம் சீனக்கா தானே கேட்டாள்: ‘சாப்பிட்டாச்சா?’ பதில் இல்லை. அடுத்த நாளும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. டப்பாவை எப்போது திறப்பது என்பது மட்டும் சில நாட்கள் குழப்பமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கீல் சரக்கு. இன்வாய்ஸை முடித்துவிட்டுப் பேக்கிங் லிஸ்டை எடுத்தாள். பெட்டிகள், நிகர எடை, மொத்த எடை. கூட்டினாள், எல்லாம் சரி. கடைசி வரியில், பொதி செய்தவர் என்ற இடத்தில், பேனாவால் எழுதிய மூன்று எழுத்துகள். தங்கச்சியின் பெயர். பேக்கிங் கூடத்தில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று அவளே ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

ஐந்து வருடமாக அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாளோ, அப்படியே தட்டினாள். மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டாள். இன்னொரு முறையும். குறிப்பு எழுத எதுவும் இல்லை.

“சாப்பிட்டாச்சா?” என்று திரையைப் பார்த்துத் தமிழில் கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்தாள்.